விற்றபின் எப்போது திரும்பி வாங்குவீர்கள்?

கேள்வி: ராஜபாளையத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்து ஒன்றரை வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி, முன்பே சேர்த்து வைத்திருந்தது எல்லாமாக 35 லட்சம் இருந்தது. தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 15 லட்சம், பேங்க் டெபாசிட்டில் 6 லட்சம், நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 12 லட்சம் போட்டார். கூட வேலை பார்த்தவர் சொன்னார் என்று ஒரு சின்ன கம்பெனியின் ஷேரில் 2 லட்சம் போட்டார்.

இப்போது மார்க்கெட் சரிந்து கிடக்கிறது. ஃபண்டில் இருந்த 12 லட்சம் 8 லட்சத்து 70 ஆயிரம் என்று காட்டுகிறது. அந்த ஷேர் 90 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. இவர் ராத்திரி தூங்குவதில்லை. ஒன்றரை மணிக்கு எழுந்து அமெரிக்க மார்க்கெட் எப்படி முடிந்தது என்று பார்க்கிறார். காலை ஆறரைக்கு கிஃப்ட் நிஃப்டி. ஒன்பதே காலுக்கு நம்ம மார்க்கெட் திறக்கும்போது கை நடுங்குகிறது. சாப்பாடு பாதிதான் இறங்குகிறது.

என் தம்பி வந்து, "எல்லாத்தையும் வித்துட்டு மிச்சத்தைத் தங்கமா வாங்கிருங்க அத்தான், இன்னும் பாதியாகும்னு சொல்றாங்க" என்கிறான். என் மகன் நேர் எதிர். "இப்போதான் வாங்கணும், அம்மா நகையை அடகு வெச்சு இன்னும் போடலாம்" என்கிறான். அவன் மாதம் 8,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டு வருகிறான். மகளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம், இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. நகை முன்பே இருக்கிறது. மண்டபம், சாப்பாடு, சீர் எல்லாம் சேர்த்து 7 லட்சம் ஆகும். அதை ஃபண்டில் இருந்துதான் எடுப்பதாக இருந்தோம். எல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. விற்றுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராஜபாளையம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

"எல்லாம் போய்விடுமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த "எல்லாம்" எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்போம். தபால் ஆபீஸ் 15 லட்சம் அப்படியே இருக்கிறது. பேங்க் டெபாசிட் 6 லட்சமும் அப்படியே. ஃபண்ட் 8.70 லட்சம், ஷேர் 90 ஆயிரம். மொத்தம் 30 லட்சத்து 60 ஆயிரம். 35 லட்சத்தில் குறைந்திருப்பது 4 லட்சத்து 40 ஆயிரம், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இது சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணம் அது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் ராத்திரி ஒன்றரை மணிக்குப் பார்ப்பது ஃபண்டின் கணக்கை மட்டும்தான். அங்கே நூற்றுக்கு இருபத்தேழரை குறைந்திருப்பதாகச் சிவப்பில் தெரிகிறது. மிச்சம் 21 லட்சம் எந்த ஆப்பிலும் சிவப்பாகத் தெரிவதில்லை, பச்சையாகவும் தெரிவதில்லை. அதனால் அது கண்ணிலிருந்தே மறைந்துபோகிறது. தபால் ஆபீஸ் பணத்துக்கு 8.2 சதவீத வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். பங்குச் சந்தை எங்கே போனாலும் அந்தத் தொகை மாறாது. ஐந்து வருடத்துக்கு அதே வட்டிதான். இந்தக் கூட்டலை ஒரு தாளில் எழுதி, அவர் போன் வைக்கிற இடத்தில் வையுங்கள்.

அடுத்து, "விற்றுவிடலாமா" என்ற கேள்வி. விற்கும்போது நீங்கள் உண்மையில் எதைக் கொடுக்கிறீர்கள் என்று பார்த்தால் பதில் பாதி கிடைத்துவிடும். உங்கள் ஃபண்டின் யூனிட் ஒன்று, வாங்கியபோது 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சத்துக்கு 12,000 யூனிட் கிடைத்திருக்கும். இன்று யூனிட் விலை 72 ரூபாய் 50 காசு. ஆனால் யூனிட் இன்றும் அதே 12,000தான், ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த யூனிட்டுக்குப் பின்னால் இருப்பவை நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகள். அவற்றின் வங்கிக் கிளைகள், தொழிற்சாலைகள், மருந்து ஆலைகள் போன வருடம் இருந்தது போல இன்றும் நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் உங்களுக்கு உள்ள பங்கு இம்மியும் குறையவில்லை. அந்தப் பங்குக்கு இன்று வாங்க வருகிறவர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலைதான் குறைந்திருக்கிறது.

"விற்காதவரை நஷ்டம் இல்லை" என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. இன்று உங்களுக்குப் பணம் தேவைப்பட்டால் 8.70 லட்சம்தான் கிடைக்கும். அந்தக் குறைவு உண்மையானது. விலை குறைந்திருப்பதும் யூனிட்டை இழப்பதும் வேறு வேறு என்ற அளவில்தான் அந்தப் பேச்சு சரி. விலை மறுபடி ஏறலாம். விற்ற யூனிட் தானாகத் திரும்பி வராது. நீங்களாகப் போய், அன்றைய விலையைக் கொடுத்து, மறுபடி வாங்க வேண்டும். பயந்து விற்கிறவர்கள் எல்லோரும் ஒரு முடிவு எடுப்பதாகத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் இரண்டு முடிவு எடுத்தாக வேண்டும். இன்று விற்பது ஒன்று, என்றைக்குத் திரும்பி வாங்குவது என்பது இன்னொன்று. நஷ்டம் நிலைத்துப் போவது பெரும்பாலும் அந்த இரண்டாவது முடிவில்தான்.

2020ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா நேரம், உங்களுக்கே நினைவிருக்கும். அந்த வருடம் பொங்கலுக்கு முந்தைய நாள், ஜனவரி 14 அன்று, சென்செக்ஸ் 41,952இல் முடிந்தது. மார்ச் 23ஆம் தேதி ஒரே நாளில் 3,934 புள்ளி, 13 சதவீதம், சரிந்து 25,981இல் நின்றது. பத்து வாரத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு போய்விட்டது. ஜனவரியில் 10 லட்சம் வைத்திருந்த ஒருவருக்கு, யூனிட் 100 ரூபாய் என்ற அதே கணக்கில் 10,000 யூனிட். மார்ச் 23 அன்று பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் விற்றார் என்று வைத்துக்கொள்வோம். கையில் வந்தது 6 லட்சத்து 20 ஆயிரம். அதைப் பேங்க்கில் போட்டுவிட்டு, "நிலைமை சரியானதும் திரும்பிப் போடுகிறேன்" என்றார். நியாயமான பேச்சுதான்.

நிலைமை எப்போது சரியானது? மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். கடை இல்லை, பஸ் இல்லை, ரயில் இல்லை. அதைவிட மோசமான செய்தி ஒரு பொருளாதாரத்துக்கு இருக்க முடியுமா? மறுநாள், மார்ச் 25, சென்செக்ஸ் 1,861 புள்ளி ஏறியது. அதற்கு அடுத்த நாள் 1,410 புள்ளி. விற்ற நாளிலிருந்து மூன்றே வர்த்தக நாளில் 15 சதவீதம் மேலே. நம் நண்பர் வாங்கினாரா? வாங்கவில்லை. "இது பொய் ஏற்றம், செய்தியைப் பார்த்தால் தெரியவில்லையா" என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். ஏப்ரல் 3 அன்று சென்செக்ஸ் மறுபடி 27,590க்கு இறங்கியபோது, "நான் நினைத்தது சரிதான்" என்று உறுதியானார். அடுத்த வர்த்தக நாள் ஏப்ரல் 7. அன்று ஒரே நாளில் 2,476 புள்ளி ஏற்றம். அப்போதும் ஊரடங்கு நீங்கவில்லை, நோய் கூடிக்கொண்டுதான் இருந்தது.

சந்தை ஏன் இப்படி நடக்கிறது என்றால், இன்றைய விலையில் இன்றைய செய்தி ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. விலை திரும்புவதற்கு நல்ல செய்தி வர வேண்டும் என்பதில்லை. எல்லோரும் பயந்த அளவுக்கு மோசமில்லை என்று கொஞ்சம் பேருக்குத் தோன்றினாலே போதும். அதனால் செய்தித்தாளில் நிம்மதி வருவதற்குள் விலை பாதி வழி ஏறிவிடும். ஜூன் மாதக் கடைசியில் கடைகள் திறந்து கொஞ்சம் மூச்சு வந்தபோது சென்செக்ஸ் 34,915இல் இருந்தது. அன்று நம் நண்பர் திரும்பி வாங்கியிருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது ஏறக்குறைய 7,500 யூனிட். நவம்பர் 9 அன்று சந்தை பழைய உச்சத்தைத் தாண்டி 42,597இல் முடிந்தது. அன்றுதான் தைரியம் வந்தது என்றால், வட்டியோடு சேர்ந்த 6.43 லட்சத்துக்கு 6,300 சொச்சம் யூனிட்தான் கிடைத்திருக்கும். பயந்து விற்காமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே 10,000 யூனிட். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரந்தரமாகப் போய்விட்டது. சந்தை அதற்குப் பிறகு எவ்வளவு ஏறினாலும் அந்த 3,700 யூனிட்டின் ஏற்றம் அவருக்குச் சேராது. பங்கு ஈவுத்தொகை, ஃபண்டின் செலவு இவற்றை நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் படம் மாறாது.

பெரிய ஏற்றங்கள் பெரிய வீழ்ச்சிகளை ஒட்டியே வருவதற்கு இன்னொரு காட்சியும் நினைவில் இருக்கிறது. 2009 மே 16, சனிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. திங்கட்கிழமை காலை சந்தை திறந்ததும் விலை விறுவிறுவென்று ஏறி, மேல் வரம்பைத் தொட்டதால் வர்த்தகத்தை நிறுத்தினார்கள். மறுபடி திறந்தார்கள், மறுபடி ஏறியது. அன்று முழுக்கக் கதவைச் சாத்திவிட்டார்கள். சென்செக்ஸ் 2,110 புள்ளி உயர்ந்திருந்தது. 2008இல் பயந்து வெளியேறி, "ஆட்சி நிலையானதும் திரும்பலாம்" என்று காத்திருந்தவர்களுக்கு அன்று வாங்குவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "விற்கிறோம், சரி. என்ன விலையில், எந்தத் தேதியில் திரும்பி வாங்குவோம்? எழுதிக் கொடுங்கள்." அவரால் எழுத முடிந்தால் உட்கார்ந்து பேசலாம். முடியாவிட்டால் எல்லாவற்றையும் விற்பதற்கு அவரிடம் திட்டம் இல்லை என்று அர்த்தம். திரும்பி வாங்கவே போவதில்லை, பேங்க்கிலேயே வைத்துக்கொள்வேன் என்று சொன்னால் அதற்கும் கணக்கு இருக்கிறது. 8.70 லட்சம் ஆண்டுக்கு ஆறரை சதவீத வட்டியில் மறுபடி 12 லட்சமாக ஐந்து வருடம் ஆகும். வட்டிக்கு வரி கட்ட வேண்டியிருந்தால் இன்னும் கூடும். அது உறுதியான பாதை, அதைத் தேர்வதில் தப்பில்லை. ஆனால் அந்த ஐந்து வருடத்தை இன்று ஏற்றுக்கொள்கிறோம் என்று தெரிந்து தேர வேண்டும்.

இதோடு நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். 2020இல் சந்தை எட்டு மாதத்துக்குள் திரும்பியது அபூர்வமான வேகம். 2008 ஜனவரியில் 20,873இல் இருந்த சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,160க்கு வந்தது. பழைய உயரத்தை மறுபடி தொட்டது 2010 நவம்பரில், கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசி வர்த்தக நாளில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு வருடம்! அங்கே உச்சத்தில் விலை எட்டாத உயரத்தில் இருந்தது என்பது வேறு கதை. ஆனாலும் "சந்தை எப்படியும் சீக்கிரம் திரும்பிவிடும்" என்று யாராவது உங்களிடம் உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். திரும்புவதற்குக் காலக்கெடு கிடையாது. காலக்கெடு உள்ள பணத்தைச் சந்தையில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்பது அதனால்தான்.

உங்கள் வீட்டில் அப்படிக் காலக்கெடு உள்ள பணம் ஒன்று இருக்கிறது, மகள் கல்யாணம். இந்த 7 லட்சத்தை ஃபண்டில் இருந்து எடுப்பதாக இருந்ததுதான், என் பார்வையில், வீட்டில் நடந்த ஒரே திட்டப் பிழை. ஒன்றரை வருடத்துக்கு முன்பே அதைத் தனியாக டெபாசிட்டில் வைத்திருக்க வேண்டும். இனி அதைப் பேசி அவரை நோகடிக்க வேண்டாம். இப்போது செய்யக்கூடியது இது: பேங்க் டெபாசிட் 6 லட்சத்தில் 4 லட்சத்தைக் கல்யாணத்துக்கு ஒதுக்குங்கள். முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள், அது பெரிய சேதம் இல்லை. மிச்சம் 2 லட்சம் ஆஸ்பத்திரி, அவசரம் என்று கையில் இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். தபால் ஆபீஸ் கணக்கையும் தொட வேண்டாம். இரண்டு வருடம் முடிவதற்குள் மூடினால் ஒன்றரை சதவீதத்தைப் பிடித்துவிடுவார்கள், மாதாமாதம் வீடு ஓடுவதும் அந்த வட்டியில்தான். மீதி 3 லட்சத்தை இந்த ஃபண்டில் இருந்து, இன்றைய குறைந்த விலையிலேயே விற்று எடுங்கள்.

இதுவரை விற்காதே என்று சொல்லிவிட்டு இப்போது விற்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். இந்த 3 லட்சம் தை மாதம் மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் போயாக வேண்டிய பணம். எட்டு மாதத்தில் விலை ஏறினால் சில ஆயிரம் மிஞ்சும். இன்னும் கால்பங்கு இறங்கினால் கல்யாண நேரத்தில் கந்து வட்டிக்குக் கைநீட்ட வேண்டி வரும். அந்தப் பந்தயத்தை உங்கள் மகள் கல்யாணத்தின் மேல் கட்ட வேண்டாம். 3 லட்சத்துக்கு 4,138 யூனிட் போகும். மிச்சம் 7,862 யூனிட், இன்றைய விலையில் 5.70 லட்சம், உங்களிடம் இருக்கும். விற்றதில் வரும் நஷ்டம் ஏறக்குறைய 1 லட்சத்து 14 ஆயிரம். வாங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டதால் இது நீண்டகால மூலதன நஷ்டம். இந்த வருடத்து வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்து இதைக் காட்டிவிட்டால், அடுத்த எட்டு ஆண்டு வரை வருகிற நீண்டகால மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வரி இல்லையே, எதற்குத் தாக்கல் என்று விட்டுவிடாதீர்கள். கெடு தாண்டினால் இந்த உரிமை போய்விடும்.

மிச்சம் 5.70 லட்சத்துக்குத் தேதி இல்லை. உங்கள் வட்டி வருமானத்தில் வீடு நடக்கிறது, அவசரத்துக்கு 2 லட்சம் இருக்கிறது, கல்யாணப் பணம் தனியாக இருக்கிறது. அதனால் அது ஐந்து வருடமோ ஏழு வருடமோ காத்திருக்க முடியும். காத்திருக்கக்கூடிய பணம் என்பதற்காகத்தான் அதை விற்க வேண்டாம் என்கிறேன்.

அந்த 90 ஆயிரம் ரூபாய் ஷேர் இதில் சேராது. இண்டெக்ஸ் ஃபண்டுக்குச் சொன்ன பொறுமையை ஒற்றைக் கம்பெனிக்குக் காட்டக் கூடாது. நிஃப்டியில் ஒரு கம்பெனி சிறுத்துப்போனால் அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்துவிடுவார்கள். 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் வெளியே போய் ஸ்ரீ சிமெண்ட் உள்ளே வந்தது அப்படித்தான். ஃபண்ட் வைத்திருந்தவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒற்றை ஷேர் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. டி.எச்.எஃப்.எல். என்ற பெரிய வீட்டுக்கடன் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போய், 2021இல் அதன் பங்கு சந்தையிலிருந்தே நீக்கப்பட்டபோது, பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. "விற்காதவரை நஷ்டமில்லை" என்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர்.

மகனை உட்கார வைத்து அந்தக் கம்பெனியைப் பற்றி மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் பங்குச் சந்தையின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். முதலாளிக் குடும்பம் தங்கள் பங்கில் எவ்வளவு அடகு வைத்திருக்கிறது என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் பங்குதாரர் பட்டியலில் இருக்கும். அடகு அதிகமாக இருந்து விலையும் விழுந்துகொண்டிருந்தால், கடன் கொடுத்தவர்கள் அந்தப் பங்கைச் சந்தையில் கொட்டுவார்கள், விலை இன்னும் விழும். இரண்டாவது, ஆடிட்டர் பாதியில் விலகியிருக்கிறாரா. மூன்றாவது, லாபம் காட்டுகிற கம்பெனிக்குக் கையில் ரொக்கம் வந்திருக்கிறதா, அல்லது லாபம் தாளிலும் வரவேண்டிய பாக்கியிலும் மட்டும் இருக்கிறதா. இதில் ஒன்று சரியில்லை என்றாலும் 90 ஆயிரத்தை எடுத்துவிடுங்கள். 2 லட்சம் வந்ததும் விற்போம் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியாது.

தம்பி சொல்கிற தங்கத்தை மறுக்கவில்லை, நம் வீடுகளில் தங்கம் பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஆனால் தங்கமும் இறங்கும். 2013ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலகச் சந்தையில் டாலர் விலையில் அது கால்பங்குக்கு மேல் சரிந்தது. இறங்கிய ஒன்றை விற்று வேறொன்றை வாங்கினால், இழந்த யூனிட் திரும்பாது, புதிதாக இன்னொரு விலையைக் கவனிக்கும் வேலைதான் சேரும்.

மகனுடைய யோசனை எனக்குத் தம்பியுடையதைவிடப் பயமாக இருக்கிறது. நகையை அடகு வைத்துச் சந்தையில் போடவே கூடாது. இவ்வளவு நேரம் நான் சொன்ன பொறுமை எல்லாம் சொந்தப் பணத்துக்குத்தான் பொருந்தும். கடனுக்கு மாதாமாதம் வட்டி ஓடும், கெடு வரும். சந்தை இன்னும் ஒரு வருடம் கீழேயே கிடந்தால் நகை ஏலத்துக்குப் போகுமே என்று, விற்கக் கூடாத நேரத்தில் விற்க வேண்டிவரும். சரிவில் உண்மையாகவே அழிந்துபோகிறவர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கிப் போட்டவர்கள்தான். ஆனால் அவனுடைய 8,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டாம். யூனிட் 100 ரூபாயாக இருந்தபோது அவனுக்கு மாதம் 80 யூனிட் கிடைத்தது. இன்று அதே பணத்துக்கு 110 கிடைக்கிறது. வேலையில் இருக்கும் வயதில் இந்த மாதங்கள் அவனுக்கு நல்ல மாதங்கள். அதை அவன் அப்பாவுக்கு எதிராக வாதமாக வைக்காமல், தன் கணக்கோடு நிறுத்திக்கொள்ளட்டும். மகனுக்கு முன்னால் முப்பது வருடச் சம்பளம் இருக்கிறது. அப்பாவுக்கு அது இல்லை. ஒரே சரிவு இரண்டு பேருக்கும் ஒன்றல்ல.

கடைசியாக, உங்கள் வீட்டுக்காரர். ஓய்வுப் பணத்தைத் தன் கையால் போட்டவர் அவர். குற்ற உணர்ச்சிதான் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். ராத்திரி அமெரிக்கச் சந்தையைப் பார்ப்பதால் அவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. மியூச்சுவல் ஃபண்டில் பகல் மூன்று மணிக்கு முன் விற்கச் சொன்னால் அன்று சந்தை முடிந்தபின் கணக்கிடும் என்.ஏ.வி. கிடைக்கும். மூன்று மணிக்குப் பின் சொன்னால் அடுத்த வேலை நாளின் என்.ஏ.வி. காலை ஒன்பதேகாலுக்குக் கை நடுங்கிக்கொண்டு அழுத்தினாலும், மத்தியானம் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு அழுத்தினாலும் விலை ஒன்றுதான். இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதற்கு 2020 மார்ச் 13 சாட்சி. அன்று காலை திறந்த சில நிமிடத்தில் நிஃப்டி 10 சதவீதம் விழுந்து, 45 நிமிடம் வர்த்தகத்தை நிறுத்தினார்கள். சென்செக்ஸ் 29,388 வரை போனது. மாலை 34,103இல் முடிந்தது, முந்தைய நாளைவிட 1,325 புள்ளி அதிகமாக. காலையில் நேரடியாக ஷேரை விற்றவர்கள் அன்றைய பாதாளத்தில் விற்றார்கள். ஃபண்டை விற்றவர்களுக்கு மாலை விலை கிடைத்தது, அவர்கள் அதிர்ஷ்டம். காலைச் செய்தியைப் பார்த்து அவசரப்படுவதால் ஃபண்டில் ஒரு காசும் மிச்சமாவதில்லை என்று அவருக்கு விளங்கினால் ஆறரை மணிக் கிஃப்ட் நிஃப்டி தேவைப்படாது.

இவ்வளவுக்குப் பிறகும் அவரால் தூங்க முடியவில்லை என்றால், மிச்சம் உள்ள 5.70 லட்சத்தில் ஒரு பகுதியை, 1 லட்சமோ ஒன்றரை லட்சமோ, விற்றுப் பேங்க்கில் போடட்டும். கணக்குப்படி அது சிறந்த முடிவு அல்ல. ஆனால் அவர் உடம்பும் உங்கள் வீட்டு நிம்மதியும் அந்தக் கணக்கில் சேரும். மிச்சத்தை அவர் பயப்படாமல் வைத்திருக்க அது உதவினால் அந்த விலை கொடுக்கத் தகுந்ததே. தொகையை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். சந்தை விழுகிற நாளில், அந்த நேரத்துப் பயத்தில் தொகையை முடிவு செய்யக் கூடாது.

கல்யாணப் பணத்தை எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். விற்கும் பக்கத்தில் "முழு யூனிட்டும்" என்ற ஒரு கட்டம் இருக்கும், அதைத் தொட்டுவிடாமல், தொகை என்ற இடத்தில் 3,00,000 என்று அடியுங்கள். வரவு வைக்க வேண்டிய வங்கிக் கணக்கு எண் சரியா என்று மகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பணம் வழக்கமாக இரண்டு வேலை நாளில் வந்துவிடும். வந்ததும், டெபாசிட்டில் இருந்து எடுத்த 4 லட்சத்தோடு சேர்த்து, மார்கழி முதல் வாரத்தில் முதிர்கிற மாதிரி ஒரு குறுகிய கால டெபாசிட்டாகப் போட்டு, ரசீதின் மேல் மகள் பெயரைப் பென்சிலால் எழுதி பீரோவில் வையுங்கள்.